பில்லை இல்லாத ஆணி

எங்கள் மில்லின் டைம் ஆபீஸில் ஒரு சுவர் முழுக்கக் கறுப்புப் பலகை. அதில் வரிசை வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணிக்கும் கீழே வெள்ளைப் பெயின்டில் ஒரு நம்பர். காலையில் வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் நம்பர் பொறித்த பித்தளைப் பில்லையை ஜன்னல் வழியாகக் கொடுப்பார்கள். நாங்கள் அதை அவரவர் ஆணியில் மாட்டுவோம். சங்கு ஊதி வெளியே போகும்போது திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள். ஆணியில் பில்லை தொங்கினால் ஆள் உள்ளே, இல்லையென்றால் வெளியே. கேட்டில் நிற்கிறவர்களுக்கும் அந்தப் பலகை ஜன்னல் வழியாக நன்றாகத் தெரியும்.

நான் அங்கே சம்பளக் கணக்கு கிளார்க். பிரேசர் டவுனிலிருந்து நடந்தே வருவேன். ஆபீஸில் நான் ஒருத்திதான் பெண். என் வாய்க்குப் பயந்துதான் என்னை யாரும் கிண்டல் செய்யவில்லை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால்தான் தெரிந்தது, கிண்டல் எல்லாம் நான் இல்லாதபோது தாராளமாக நடந்திருக்கிறது. போகட்டும்.

அந்த மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. சம்பள நாளன்று பில்லையை யார் கொண்டு வந்து நீட்டுகிறார்களோ அவர்களிடம் சம்பளக் கவரைக் கொடுத்துவிடுவார்கள். "பில்லைதான்மா ஆளு" என்பார் பெரிய கிளார்க். வேலை செய்தவரிடம்தான் கூலியைத் தரவேண்டும் என்று சட்டம் இருந்தது அவருக்கும் தெரியும். ஆனால் ஆயிரம் முகத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது என்று அவர் கேட்பார். அதனால் ஏழாம் தேதி சாயங்காலம் எங்கள் ஜன்னலில் நிற்கிற வரிசையில் பாதிப் பேர் மில்லுக்குள் காலே வைக்காத புருஷன்மார்கள். பெண்டாட்டியின் பில்லையை நீட்டி, கவரை வாங்கி, அங்கேயே எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

அந்த வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நிற்கிறவன் இருநூற்றுப் பன்னிரண்டாம் நம்பர்காரியின் புருஷன். நான் இங்கே யார் பெயரையும் எழுதப்போவதில்லை. அவள் பெயரை எழுத எனக்கு இன்றைக்கும் தைரியம் வரவில்லை என்பதுதான் காரணம். மில்லிலும் அவளுக்கு நம்பர்தான் பெயர், அதுவே இருக்கட்டும்.

அவள் நூல் சுற்றும் வைண்டிங் பகுதியில் வேலை பார்த்தாள். வீடு ஜீவனஹள்ளிப் பக்கம். புருஷன் தினமும் காலையில் சைக்கிளில் அவளைக் கொண்டு வந்து விடுவான். கேட்டுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து பில்லையை எடுத்து அவள் கையில் வைப்பான். நாலு மணிச் சங்குக்கு மறுபடி வந்து நிற்பான். அவள் வெளியே வந்ததும் ஒன்றும் பேசாமல் உள்ளங்கையை நீட்டுவான். அவள் பில்லையை அதில் வைப்பாள். ராத்திரி முழுக்க அது அவனிடம்தான் இருக்கும். மற்ற புருஷன்மார்களாவது மாதத்தில் ஒரு நாள்தான் பில்லையைத் தொடுவார்கள்.

குடிகாரனாக இருந்திருந்தால் எனக்கு அவனிடம் இத்தனை பயம் வந்திருக்காது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சலவைச் சட்டை. என்னைப் பார்த்தால் இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்பான். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. வைண்டிங் ஓவர்சியரும் அவனும் டீக்கடையில் சேர்ந்து டீ குடிப்பார்கள். அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அந்த ஓவர்சியர்தான்.

நயா பைசா வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, அணாவா பைசாவா என்று எல்லோரும் குழம்பிக்கொண்டிருந்த சமயம். ஒரு மாதத்தின் நட்டநடுவில், காலை டீ நேரத்தில், அவள் எங்கள் ஆபீஸின் உள்பக்கக் கதவில் வந்து நின்றாள். சிணுசிணுவென்று தூறல். முந்தானையால் வலது கையைச் சுற்றி மூடியிருந்தாள்.

"கிளார்க்கம்மா, நான் இன்னியோட நின்னுக்கறேன். கணக்கத் தீத்துக் குடுத்துடுங்க."

"நிக்கறதுன்னா மாசக் கடைசியில நில்லேன். நடுவுல என்ன?" என்றேன். நடு மாதத்தில் ஒருத்தர் கணக்கை முடிப்பது தலைவலி பிடித்த வேலை.

அவள் பெரிய கிளார்க் பக்கம் பார்த்தாள். அவர் ரூல் தடியை வைத்துச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாலு மணிக்குள்ள வேணும்மா. நாலு மணிக்குப் பில்ல அவரு கைக்குப் போயிடும். அப்புறம் எந்தப் பணமும் என் கைக்கு வராது, நானும் எங்கயும் போவ முடியாது."

முந்தானையை விலக்கினாள். சுண்டு விரலும் மோதிர விரலும் வீங்கிக் கறுத்திருந்தன. மடக்க வரவில்லை. நூல் அறுந்தால் முடிச்சுப் போட அந்தக் கைதான் வேண்டும்.

"முந்தாநேத்து. பக்கத்து வீட்டுல ஒரு வார்த்த பேசினேன்னு புடிச்சுத் திருப்பினாரு. அடுத்தது கைன்னு சொல்லியிருக்காரு. கோவமா சொல்லலம்மா, சோறு தின்னுக்கிட்டே சொன்னாரு."

அவளுடைய சித்தி மகள் ரயிலில் அரை நாள் தூரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். அது புருஷனுக்குத் தெரியாது. அங்கே வந்தால் வேலை வாங்கித் தருகிறேன், ஆனால் முதல் மாதம் சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் உன் பணம்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ரயில் மத்தியானம் மூன்று மணிக்குக் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வரும். கையில் பணம் இருந்தால் ஏறிவிடலாம். இல்லையென்றால் நாலு மணிக்கு அந்த உள்ளங்கை காத்துக்கொண்டிருக்கும். அவள் இதை எல்லாம் யாருடைய கதையையோ சொல்வது மாதிரி சொன்னாள். 

பெரிய கிளார்க்கிடம் போய்ச் சொன்னேன். விரல்களைப் பற்றியும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு பைசா இப்படி அப்படிப் போனால் அவருக்கு ராத்திரி தூக்கம் வராது.

"மில்லு நிறுத்தினா ரெண்டு வேலை நாளுக்குள்ள பட்டுவாடா பண்ணணும். தானா நின்னா அடுத்த சம்பள நாளுக்குள்ள. ஏழாம் தேதி வரட்டும்மா, சுத்தமா போட்டுத் தரலாம்."

"ஏழாம் தேதி யார் சார் வந்து வாங்குவா?"

அவர் பலகையைப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டில் பில்லை தொங்கிக்கொண்டிருந்தது.

"ரூல் கடைசி நாளத்தான சார் சொல்லுது? அதுக்கு முன்னால குடுக்கக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?"

"இல்லைதான்," என்றார். பிறகு, "எழுதிக் குடுக்கச் சொல்லு. கேஷியர் ரெண்டு மணிக்கு பேங்குக்குப் போயிடுவார். அதுக்குள்ள மானேஜர் கையெழுத்தும் ஆகணும்," என்றார்.

ராஜினாமாவை நானே எழுதினேன், அவள் இடது கையால் பெயரைக் கிறுக்கினாள். பிறகுதான் முதல் சிக்கல். அவள் வேலை செய்கிற வரை மணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற மணிக்குக் கணக்கு முடிக்க முடியாது. ஆனால் இப்போதே அவளை நிறுத்தினால், மிஷின் சும்மா நிற்பதைப் பார்த்து ஓவர்சியர் கேட்பார். ஓவர்சியர் காதுக்குப் போனால் டீக்கடைக்குப் போகும், டீக்கடைக்குப் போனால் வீட்டுக்குப் போகும். அதனால் பன்னிரண்டு மணி சாப்பாட்டுச் சங்கு வரை அவள் மிஷினிலேயே நிற்க வேண்டும், அதோடு கணக்கை மூட வேண்டும் என்று முடிவு செய்தோம். சாப்பாட்டுக்குப் போனால் ஓவர்சியர் இரண்டு மணிக்கு மேல்தான் திரும்புவார். அந்த விரல்களோடு இன்னும் இரண்டு மணி நேரம் முடிச்சுப் போடப் போனாள். போகும்போது திரும்பி ஒரு தடவை பலகையைப் பார்த்தாள்.

நாங்கள் உட்கார்ந்தோம். அந்த மாதம் அவள் முழுதாக வேலை செய்தது பதினோரு நாள். அடிப்படைக் கூலியும் பஞ்சப்படியும் சேர்த்து அவளுக்கு நாளைக்கு மூன்று ரூபாய். கடைசி நாளுக்கு எங்கள் மில்லில் ஒரு பழக்கம் உண்டு, பாதி நாள் என்று போட்டு ஒன்றரை ரூபாயோடு முடித்துவிடுவார்கள். அன்றைக்கு பெரிய கிளார்க்கே வேண்டாம் என்றார். ஏழரைக்கு உள்ளே வந்தவள் பன்னிரண்டுக்கு நிறுத்துகிறாள், நாலரை மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு மூன்று ரூபாய் என்றால் இதற்கு ஒரு ரூபாய் அறுபத்தொன்பது நயா பைசா. செய்த நேரத்துக்குக் குறைக்க நமக்கு அதிகாரம் கிடையாது என்று சொல்லி அதை எழுதினார். பத்தொன்பது பைசா வித்தியாசம்தான். ஆனால் அவர் எங்கள் பக்கம் வந்துவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

இதெல்லாம் சேர்ந்து, பி.எஃப். பிடித்தமும் பண்டிகை முன்பணப் பாக்கியும் போனால், இருபது ரூபாய்ச் சொச்சம்தான் நிற்கும். அதில் ரயில் டிக்கெட் போக ஒரு வாரம்கூடத் தாங்காது. லீவுப் பணம் வந்தால்தான் அவளுக்கு மாதம் ஓடும். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு என்ற கணக்கில் போன வருஷ வேலைக்கு அவளுக்கு வந்த லீவில் பத்து நாள் எடுக்காமல் இருந்தது. இந்த வருஷம் இதுவரை செய்த வேலைக்கும் லீவு சேர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தானாக நிற்கிறவர்களுக்கு அப்போது இந்த வருஷ லீவுக்குப் பணம் கிடையாது. மில் வெளியே அனுப்பினால் உண்டு. அந்தப் பத்து நாளுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. லீவு கேட்டு எழுதிக் கொடுத்து, மில் தராமல் விட்டிருந்தால்தான் நிற்கும்போது பணம். கேட்கவே இல்லை என்றால் ஒன்றும் இல்லை.

"கேட்டாளா?" என்றார் பெரிய கிளார்க்.

கேட்டிருந்தாள். டீ நேரத்திலேயே சொன்னாள். கோடையில் சித்தி மகளைப் போய்ப் பார்க்க, காரணம் எழுதாமல், லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஓவர்சியர், "இப்ப ஆகாது போ" என்று வாயால் சொல்லிவிட்டார். அவர் லீவுச் சீட்டில் ஒன்றும் எழுதமாட்டார். தராத சீட்டை எல்லாம் மேஜைமேல் இருக்கிற ஒரு கூர்க் கம்பியில் குத்தி வைத்துவிடுவார். எங்கள் ரிஜிஸ்டரில் அது ஏறவே ஏறாது. அந்தச் சீட்டு வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும். அவரிடம் போய் இந்த நம்பரின் சீட்டைக் கொடுங்கள் என்று கேட்பதும் புருஷனுக்குத் தந்தி அடிப்பதும் ஒன்றுதான்.

நான் எழுந்தேன். "எங்க போற?" என்றார். "சீட்டு வாங்கிட்டு வரேன் சார். நீங்க எதுவும் கேக்காதீங்க," என்றேன்.

வைண்டிங்கில் சத்தம் காதை அடைக்கும். ஓவர்சியர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவள் குனிந்து நின்றாள், என்னைப் பார்க்கவில்லை. "ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வராராம். லீவுச் சீட்டு எல்லாம் ரிஜிஸ்டர்ல ஏறியிருக்கான்னு பாப்பாராம். அந்தக் கம்பிய அப்படியே குடுங்க," என்று கத்தினேன்.

"எப்ப வரான்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? உங்க ஒருத்தர் கிட்டதான் ஒண்ணும் ஏறலன்னு பெரிய கிளார்க் குதிக்கிறாரு."

அவர் முகம் மாறியது. ஒரு தடவை என்னை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிறகு கம்பியை என் பக்கம் தள்ளினார். "பாத்து, குத்திக்கப் போற," என்றார். அதில் அக்கறையும் இல்லை, கேலியும் இல்லை. நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஐம்பது அறுபது சீட்டுக்கு நடுவில் அவளுடையது இருந்தது. அந்தக் கம்பியில் குத்துப்பட்டுக் கிடந்த லீவெல்லாம் யார் யாருடையதோ என்று நினைத்துப் பார்க்க அன்றைக்கு எனக்கு நேரம் இல்லை.

லீவு நாள் கூலியை அதற்கு முந்தைய மாதச் சம்பாத்தியத்தின் சராசரியில் போடவேண்டும். ஓவர்டைம் சேராது. பத்து நாளுக்கு முப்பது ரூபாய் வந்தது. பிடித்தம் எல்லாம் போக மொத்தம் ஐம்பது ரூபாய்க்கு மேல் நின்றது. மானேஜர் சாப்பிட்டு வந்த களைப்பில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கேஷியர் பெட்டியைப் பூட்டப் போகும்போது பெரிய கிளார்க்கே வவுச்சரோடு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ரெவின்யூ ஸ்டாம்பின்மேல் அவள் கையெழுத்துப் போட்டாள். பணத்தை எண்ணவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். "பஞ்சப்படி இந்த மாசத்துக்கு ஏறினாலும் ஏறும். மாசக் கடைசியிலதான் தெரியும். வித்தியாசம் வந்தா அனுப்பணும், போற இடத்து அட்ரஸ் குடும்மா," என்றார் பெரிய கிளார்க். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள், அவர் தன் கையால் எழுதிக்கொண்டார்.

நூல் வண்டிகள் போகிற பின்கேட்டுக்கு நான் பாஸ் எழுதினேன். கன்னடக்கார வாட்ச்மேன் பாஸைப் பார்த்து, "ஏனம்மா, இந்த வழில?" என்றான். "உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்கு" என்றேன். அதுவும் உண்மைதான். தூறல் விட்டிருந்தது. அவள் ஓடவில்லை. ரயில்வே லைன் பக்கமாக, வேலைக்குப் போகிறவள் மாதிரியே நடந்து போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பலகையிலிருந்து அவள் பில்லையை எடுத்து என் மேஜை டிராயரில் போட்டேன்.

நாலு மணிக்குச் சங்கு ஊதியது. பெண்கள் எல்லோரும் வெளியே போனார்கள். நான் குனிந்து கூட்டல் போடுகிற மாதிரி இருந்தேன், ஆனால் ஒரு நம்பரும் கண்ணில் படவில்லை. ஜன்னலில் நிழல் விழுந்தது.

"வணக்கம்மா."

நிமிர்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். ஆனால் கண் என்மேல் இல்லை, எனக்குப் பின்னால் இருந்த பலகையின்மேல் இருந்தது. ஆணி காலி. ஆள் வெளியே வந்திருக்க வேண்டும். வெளியே ஆள் இல்லை.

"பில்ல காணோமே?"

 என் வாய்க்கு ஊரே பயப்படும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை. பெரிய கிளார்க்தான் பேசினார், தலையை நிமிர்த்தாமலே. "கணக்கு முடிஞ்சுது. நின்னுட்டா."

அவன் சிரிப்பு அப்படியே இருந்தது. "சந்தோஷம். பணம் யாரு வாங்கினாங்க?"

"வேலை செஞ்சவங்க."

"எந்தப் பக்கம் போனா?"

"அது ஆபீஸுக்குத் தேவையில்லாத விஷயம்."

அவன் என் பக்கம் திரும்பினான். "நீங்க பிரேசர் டவுனுதானம்மா? நடந்துதான போறீங்க. மழையில பாத்துப் போங்க." கையைக் கூப்பிவிட்டுப் போனான். அவனுக்கு என் வீடு எந்தப் பக்கம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றிலிருந்து கொஞ்ச நாளைக்கு என் அண்ணன் சைக்கிளில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். ஏன் என்று கேட்டதற்கு, தெருநாய் தொல்லை என்று சொல்லி வைத்தேன்.

அவன் வருவதை நிறுத்தவில்லை. தினமும் நாலு மணிக்கு அதே இடத்தில் சைக்கிளை நிறுத்துவான். ஓவர்சியரோடு டீ குடிப்பான். யாரிடமும் சண்டை போடவில்லை. பலகையைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், போய்விடுவான்.

மாதம் முடிந்தது. பஞ்சப்படி நாளைக்குப் பத்துப் பைசா ஏறியது. அவள் வேலை செய்த நாளுக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு ரூபாய் பதினாறு பைசா. நடுவில் நின்று போனவர்களின் பாக்கியை மில் தின்றுவிட்டது என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகப் பெரிய கிளார்க் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாருக்கு எவ்வளவு, எந்த அட்ரஸுக்கு மணியார்டர் போகிறது என்று டைப் அடித்து, கேட்டில் இருக்கிற நோட்டீஸ் பலகையில் ஒட்டச் சொல்வார். நேர்மைக்குச் சாட்சியாம். அவர் எத்தனையோ வருஷமாகச் செய்கிற காரியம், யோசிக்காமல் செய்கிற காரியம். அந்த மாதமும் செய்துவிட்டார்.

நான் அன்றைக்கு பி.எஃப். ஆபீஸுக்குப் போய்விட்டு நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பி வந்தேன். கேட்டைத் தாண்டும்போது நோட்டீஸ் பலகையில் பசை காயாத காகிதம். நாலைந்து நம்பர்கள். இரண்டாவது வரியில் இருநூற்றுப் பன்னிரண்டு, அதற்கு எதிரே ஆஸ்பத்திரியின் பெயர், ஊர், எல்லாம். எதிர்ப்பக்கம் அவன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தான்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்டால் ஒன்றும் தோன்றவில்லை. கை மட்டும் போய் அந்தக் காகிதத்தை நடுவில் பிடித்து உரித்தது. பாதி வந்தது, பாதி பலகையோடு ஒட்டிக்கொண்டது. மீதியையும் நகத்தால் சுரண்டினேன். பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"என்னம்மா, தப்பாயிடுச்சா?"

"கூட்டல் தப்பு," என்றேன். திரும்பவில்லை.

"எத்தன ரூபா?"

"ஒரு பைசா."

"ஒரு பைசாவுக்கு நகம் பேந்து போவுதே," என்றான். பார்த்தேன், விரலில் ரத்தம். காகிதத்தைக் கசக்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டு உள்ளே போனேன். அவன் எதைப் படித்தான், எவ்வளவு படித்தான் என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

பெரிய கிளார்க் என் கையைப் பார்த்தார், கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். அவருக்கு நிறம் வெளுத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, நிரப்பி வைத்திருந்த மணியார்டர் ஃபாரத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். ஃபாரம் போனால் ரசீது வரும், ரசீது தபால் பெட்டியில் கிடக்கும், அந்தப் பெட்டியை ஓவர்சியர்களும் துழாவுவார்கள். பாக்கி ரிஜிஸ்டரைத் திறந்து, அவள் வரியில், 'விலாசம் தெரியவில்லை' என்று எழுதினார். அவர் வாழ்க்கையில் எழுதின ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். கீழே என்னையும் சுருக்கொப்பம் போடச் சொன்னார். போட்டேன்.

வாங்காத பாக்கியை வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஜன்னலில் நின்று நம்பர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். மூன்று தடவை கூப்பிட வேண்டும். வந்தால் கொடுப்போம், வராவிட்டால் அடுத்த வருஷத்துக்குப் போகும். அந்த வேலை என்னுடையது. முதல் வருஷம் நான் இருநூற்றுப் பன்னிரண்டு என்று கூப்பிட்டபோது, கூட்டத்துக்குப் பின்னால் அவன் நின்றான். மூன்று தடவையும் கேட்டான். பிறகு ஜன்னலுக்கு வந்தான்.

"நான் புருஷன்தான. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாமா?"

"ஆள் நேர்ல வரணும்."

"எங்க இருக்கான்னு உங்களுக்கும் தெரியாதா?"

"எழுதியிருக்கே. விலாசம் தெரியல," என்று ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினேன். அவன் அதைப் படித்தான். என் சுருக்கொப்பத்தின்மேல் விரலை வைத்து நகர்த்தினான். கையைக் கூப்பிவிட்டுப் போனான்.

தினசரி வருவதை அதற்குப் பிறகு விட்டுவிட்டான். ஆனால் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தவறாமல் வந்தான். வருஷா வருஷம். பெரிய கிளார்க் ஓய்வு பெற்றுப் போனார், ஓவர்சியர் மாறினார், எனக்குக் கல்யாணம் ஆகி விவேக் நகருக்குக் குடிபோனேன். அவன் மட்டும் வந்தான். தலை நரைத்தாலும் வாரின வாரல் மாறவில்லை.  அந்த நாள் வருவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே எனக்குச் சாப்பாடு இறங்காது. இவன் செத்துத் தொலையக் கூடாதா என்று நான் மாதா கோயிலில் முட்டி போட்டுக்கொண்டு நினைத்திருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அவளிடமிருந்து ஒரு வரி வந்ததில்லை. வரக் கூடாது என்று நான்தான் பின்கேட்டில் சொல்லி அனுப்பியிருந்தேன். நானும் எழுதவில்லை.

பிறகு ஒரு வருஷம், பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்துப் பூவெல்லாம் மாட்டியிருந்தார்கள். மிஷின்களுக்குச் சந்தனம் வைக்கிற வாசனை ஆபீஸ் வரை வந்தது. நான் ரிஜிஸ்டரைத் திறந்து வழக்கம்போல் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். "இருநூற்றுப் பன்னிரண்டு." கூட்டத்துக்குப் பின்னால் பார்த்தேன். அவன் நிற்கிற இடத்தில் யாரும் இல்லை.

முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு மூச்சு விட்டேன். அடுத்த மூச்சு வரவில்லை. இத்தனை வருஷமாக அவன் வந்து நின்றது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் தேடிக்கொண்டிருந்தான். அவன் அங்கே நின்ற ஒவ்வொரு வருஷமும் அவள் இன்னும் அவனிடம் அகப்படவில்லை என்றுதான் அர்த்தம். அவன் செத்திருக்கலாம், ஊரை விட்டுப் போயிருக்கலாம். இல்லையென்றால் அவனுக்கு இனிமேல் இங்கே வந்து காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருக்கலாம்.

"இருநூற்றுப் பன்னிரண்டு," என்று இரண்டாம் தடவை கூப்பிட்டேன். குரல் உடைந்துவிட்டது. அடுத்த நம்பர்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டையே பார்த்தேன். அந்தச் சைக்கிள் வந்து நிற்க வேண்டும், அந்தப் படிய வாரின தலை தெரிய வேண்டும், கையைக் கூப்பி எனக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்று, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, மனதார வேண்டிக்கொண்டேன். பிறகு மூன்றாம் தடவையும் கூப்பிட்டேன்.